அத்தை பூக்கடை வாட்ஸப்ல தானா பதில் போற மாதிரி செட் பண்ணது: நாலு தடவ சொதப்பி அஞ்சாவது தடவ ஓடுது

ஒருவழியா ஓடிருச்சு. போன செவ்வாய்க்கிழமை ராத்திரி 11.20க்கு முன்னப்பின்ன தெரியாத ஒரு நம்பர்லேர்ந்து "பூ மாலை கிடைக்குமா" ன்னு ஒரு மெசேஜ், அத்தை நல்லா தூங்கிட்டு இருக்காங்க, போன் தானா பதில் போட்டிருக்கு, அந்த ஆளும் அதைப் படிச்சிட்டு "நாளைக்கு காலைல 9 மணி, கிரகப்பிரவேசம், நெலைமாலை 2, மல்லி 20 முழம், நாங்களே வந்து வாங்கிக்கிறோம்" னு ஒழுங்கா அனுப்பிட்டாரு. அத்தை 4 மணிக்கு எந்திரிச்சு பாத்துட்டு, மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுல அதுக்கும் சேத்து பூ எடுத்துட்டு வந்துட்டாங்க. இதுக்கு முன்னாடி அந்த மாதிரி மெசேஜ காலைல 10 மணிக்கு மேலதான் பாப்பாங்க, அதுக்குள்ள அந்த ஆள் வேற கடைல வாங்கி நெலைல கட்டியே முடிச்சிருப்பாரு.

இது கேக்க சின்ன வேலை மாதிரி இருக்கும், நானும் அரை மணி நேரத்துல முடிச்சிரலாம்னுதான் உக்காந்தேன், மூணு வாரம் ஆயிருச்சு. எங்கெங்க தப்பு பண்ணேன்னு எழுதி வைக்கிறேன், கடை வச்சிருக்கவங்க யாராச்சும் இதைச் செய்யப்போனா அந்த நேரமாச்சும் மிச்சமாகட்டும்.

கடை தெப்பக்குளம் பக்கம். வெள்ளன 5.30க்கு தொறந்தா ராத்திரி 9 மணி வரைக்கும் இருக்கும். காலைல 4 மணிக்கு மார்க்கெட், வந்ததும் பூ பிரிச்சு, தண்ணி தெளிச்சு, நார நனைச்சு கட்ட உக்காந்தா ஒம்பது ஒம்பதரை வரைக்கும் கை ஈரமாத்தான் இருக்கும், போன் கல்லாப்பெட்டிக்குள்ள கெடக்கும். இப்ப எல்லாரும் ஆர்டர் வாட்ஸப்லதான் சொல்றாங்க. வர்ற கேள்வி பூராம் ஒண்ணுதான்: மல்லி என்ன ரேட், மாலை என்ன ரேட், கடை எங்க இருக்கு. ராத்திரி நேரத்துல பாவம்னு அத்தை ஒருக்கா வாய்ஸ்ல பதில் சொல்லிட்டாங்க, கிலோ 800ன்னு. மறுநாள் முகூர்த்தம், மார்க்கெட் போனா 1400. சொன்ன வாக்கு, 3 கிலோ, 1800 ரூவா கையவிட்டுப் போச்சு. அன்னைக்குத்தான் என்னைய கூப்பிட்டு "மருமகனே, இந்தப் போனே பதில் சொல்ற மாதிரி என்னமோ பண்ணலாமாம்ல, பக்கத்து டைலர் கடைல வச்சிருக்கான், எனக்கும் வச்சுக்குடு" ன்னாங்க.

மொதல்ல ஆப். சாதா வாட்ஸப்ல இந்த வசதி கெடையாது, வாட்ஸப் பிசினஸ்னு தனி ஆப், காசு கெடையாது. புது நம்பர் வாங்கலாமான்னு யோசிச்சேன், ஆனா போர்டு, பை, சீட்டு எல்லாத்துலயும் பழைய நம்பர்தான் அடிச்சிருக்கு, அதை மாத்துனா பாதிப்பேர் போயிருவாங்க. ஒரே நம்பர ரெண்டு ஆப்லயும் வைக்க முடியாது, அதனால சாதா வாட்ஸப்புல இருந்த நம்பரையே பிசினஸுக்கு மாத்துனேன். அதே போன்ல மாத்துனதால பழைய சாட் எல்லாம் கூடவே வந்துருச்சு. மாத்துறதுக்கு முன்னாடி பேக்கப் எடுத்து வச்சிருந்தேன், அது பின்னாடி உதவுச்சு. இப்படி சொந்த நம்பரையே கடை நம்பரா ஆக்குனதுல ஒரு வினை இருந்துச்சு, அதுவும் பின்னாடி வரும்.

உள்ள போனா `Business tools` ல ரெண்டு சமாச்சாரம் இருக்கு. `Greeting message` னு ஒண்ணு, `Away message` னு ஒண்ணு. ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், வேலை வேற வேற. மொதல்ல சொன்னது ஒரு ஆள் நமக்கு மொத மொத மெசேஜ் போடும்போது போறது, இல்லன்னா 14 நாளா ரெண்டு பேருக்கும் பேச்சே இல்லாம இருந்து திரும்பப் போட்டாங்கன்னா போறது. ரெண்டாவது நாம இல்லாத நேரத்துக்கு. அந்த 14 நாள் கணக்கு மொத நாள் எனக்குத் தெரியாது.

அதனால மொத சொதப்பல். `Greeting message` ஆன் பண்ணி, ஒரு பெரிய மெசேஜ் எழுதி வச்சுட்டு என் போன்லேர்ந்து அத்தைக்கு "ஹாய்" னு போட்டேன். ஒண்ணும் வரல. திரும்பப் போட்டேன். வரல. போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், ஆப்ப அப்டேட் பண்ணேன், கடைசில ஆப்பையே அழிச்சிட்டு திரும்ப ஏத்துனேன், அத்தைக்கு ஒரு மணி நேரம் வாட்ஸப்பே இல்ல, பேக்கப் இருந்ததால சாட் பூராம் திரும்பி வந்துச்சு, இல்லன்னா அன்னைக்கு அத்தைகிட்ட வாங்கிக் கட்டிருப்பேன். விசயம் என்னன்னா நான் அத்தைகூட தெனம் பேசுறவன், முந்தின நாள்கூட கடைல எடுத்த போட்டோ அனுப்பிருக்கேன். எனக்கு எப்படி வரும்? எந்தத் தப்பும் இல்ல, டெஸ்ட் பண்ண நம்பர்தான் தப்பு. மச்சானோட ரெண்டாவது சிம், அதுலேர்ந்து அத்தைக்கு ஒருநாளும் மெசேஜ் போனதே இல்ல, அதுல போட்டதும் ரெண்டு செகண்டுல வந்துருச்சு. ஆனா அந்த நம்பரும் ஒரு தடவைக்குத்தான் ஆகும், அதுக்கப்புறம் அதுவும் பழகுன நம்பர் ஆயிரும். அதனால டெஸ்ட் பண்ண ஆரம்பிக்கும்போதே அத்தைகூட பேசாத ஆளுங்க ஒரு நாலு பேர எண்ணி வச்சுக்கணும். நான் என் ஆபீஸ் ஆளுங்க மூணு பேர ஒவ்வொருத்தரா செலவழிச்சேன்.

ரெண்டாவது சொதப்பல் பெரியப்பா. அவரு உசிலம்பட்டில இருக்காரு, மாசத்துக்கு ஒருக்கா அத்தைக்கு ஒரு மெசேஜ் போடுவாரு, கோயில் வரி, கல்யாணப் பத்திரிகைன்னு. அவரு போட்ட உடனே அவருக்கு "வணக்கம்! தங்கள் வரவு நல்வரவாகுக! எங்கள் கடையில் அனைத்து விதமான மாலைகளும்..." னு போயிருக்கு. மனுசன் போன் அடிச்சிட்டாரு. "ஏத்தா, கூடப்பொறந்தவனுக்கே நல்வரவா? பூ வேணும்னா வாங்குவியான்னு கேக்குறியா?" அத்தை சிரிச்சு சமாளிச்சாங்க, நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். சொந்த நம்பர கடை நம்பரா மாத்துனா இதுதான் வரும்.

யாருக்குப் போகணும்னு `Recipients` ல நாலு வழி இருக்கு: எல்லாருக்கும், போன்ல சேவ் பண்ணாதவங்களுக்கு மட்டும், இவங்களத் தவிர மத்தவங்களுக்கு, இவங்களுக்கு மட்டும். நான் உடனே ரெண்டாவதுக்கு, அதாவது `Everyone not in address book` க்கு மாத்திட்டேன், சொந்தக்காரங்க தொல்லை தீந்துச்சு. ஆனா ஒரு வாரம் கழிச்சு பாத்தா வாடிக்கையா வாங்குறவங்க நம்பரெல்லாம் அத்தை "பூ சரசு அக்கா", "காலேஜ் மாலை" ன்னு சேவ் பண்ணி வச்சிருக்காங்க, அவங்க ஒருத்தருக்கும் பதில் போகல. கடைசில `Everyone except...` வச்சு, உக்காந்து சொந்தபந்தம் 61 பேர டிக் அடிச்சேன். அத்தை ஒவ்வொரு பேரா சொல்லச் சொல்ல நான் டிக் அடிச்சேன், நடுவுல "அவளுக்குப் போகட்டும் விடு" ன்னு ரெண்டு பேர வேணும்னே விட்டுட்டாங்க, யாருன்னு எழுத மாட்டேன். இதுல ஒண்ணு கவனிக்கணும், `Greeting message` க்கும் `Away message` க்கும் இந்த லிஸ்ட் தனித்தனி, ரெண்டுலயும் அடிக்கணும். புதுசா ஒரு சொந்தக்காரர் நம்பர சேவ் பண்ணா அவரு தானா இந்த லிஸ்ட்டுல சேர மாட்டாரு.

அடுத்து மூணாவது சொதப்பல், ராத்திரிக்கு வச்சதுல. `Away message` ல `Schedule` னு தொட்டா மூணு வழி வருது: `Always send`, `Custom schedule`, `Outside of business hours`. நான் `Custom schedule` எடுத்து ஆரம்பம் ராத்திரி 9, முடிவு காலை 4ன்னு வச்சேன். மொத ராத்திரி அருமையா போச்சு. மறுநாள் ராத்திரி ஒண்ணுமே போகல. திரும்ப உள்ள போய் பாத்தாத்தான் தெரியுது, நேரத்துக்கு மேல தேதியும் இருக்கு. அது தெனம் 9லேர்ந்து 4 இல்ல, இன்ன தேதி 9லேர்ந்து இன்ன தேதி 4 வரைக்கும்னு ஒரே ஒரு தடவைக்கு. ஊருக்குப் போறப்ப, கடை லீவு விடுறப்ப வைக்கிறது அது. தெனப்படிக்கு `Outside of business hours` தான்.

அதை எடுக்கணும்னா மொதல்ல ப்ரொபைல்ல `Business hours` போட்டிருக்கணும், கிழமை வாரியா தொறக்குற நேரம் மூடுற நேரம். இங்கதான் நான் ரொம்ப புத்திசாலித்தனமா ஒரு வேலை பாத்து மாட்டிக்கிட்டேன். கடை 5.30க்கு தொறந்தாலும் 10 மணிக்கு மேலதானே அத்தை போனப் பாக்குறாங்க, அதனால நேரத்த காலை 10லேர்ந்து ராத்திரி 9ன்னு போட்டா காலைல மெசேஜ் போடுறவங்களுக்கும் `Away message` போகும்ல. யோசனை சரி. ஆனா அந்த நேரம் வெளிய எல்லாருக்கும் தெரியுது. காலைல 7 மணிக்கு ஒரு அம்மா கடை நம்பரத் தொட்டு பாத்திருக்காங்க, கடை மூடியிருக்குன்னு காட்டிருக்கு, சரின்னு வேற பக்கம் போயிட்டாங்க, ரெண்டு நாள் கழிச்சு வந்து "ஏன்க்கா இப்பல்லாம் பத்து மணிக்குத்தான் தொறக்குறீகளா" ன்னு கேட்டாங்க. பூக்கடைக்கு யாவாரமே காலைல 6லேர்ந்து 9தான், அந்த மூணு மணி நேரமும் நானே கடைய மூடி வச்சிருக்கேன்!

அந்த ஒரு எடத்துல போடுற நேரம் ரெண்டு வேலை பாக்குது. கடை எப்ப தொறந்திருக்கும்னு வாடிக்கையாளருக்கு சொல்றதும் அதுதான், ராத்திரி பதில் எப்ப போகணும்னு ஆப்புக்கு சொல்றதும் அதுதான். நமக்கு கடை நேரமும் பதில் சொல்ற நேரமும் வேற வேறயா இருந்தா ரெண்டையும் அதுல அடைக்க முடியாது. ஒண்ணத்தான் எடுக்கணும்னா கடை நேரத்தத்தான் எடுக்கணும், ஏன்னா நடந்து வர்ற யாவாரம் மெசேஜ்ல வர்றத விட பெருசு. அதனால 5.30லேர்ந்து 9 வரைக்கும்னு உள்ளத உள்ளபடி போட்டுட்டு, காலைல பதில் லேட்டாகும்னு `Greeting message` லயே ஒரு வரி சேத்துட்டேன்.

இதையெல்லாம் டெஸ்ட் பண்ண நான் மொத ரெண்டு நாள் ராத்திரி முழிச்சிருந்தேன், அது தேவையே இல்ல. பகல்லயே அன்னைக்கு ஒரு நாள் கிழமைய மட்டும் மூடுனதா மாத்திட்டு வேற நம்பர்லேர்ந்து மெசேஜ் போட்டா பதில் வரும், பாத்துட்டு திரும்ப மாத்திரலாம். திரும்ப மாத்த மறந்தீங்கன்னா ஒவ்வொரு வாரமும் அந்தக் கிழமை கடை லீவுன்னு காட்டிட்டு இருக்கும். எனக்கு ஒரு புதன்கிழமை அப்படிப் போச்சு.

நாலாவதுதான் ரொம்ப நாள் பிடிபடாம இருந்தது. பகல்ல டெஸ்ட் பண்ணா கரெக்டா போகுது, ராத்திரி மட்டும் சில நாள் போகுது, சில நாள் போகல. ஆபீஸ்ல ஒருத்தன ராத்திரி 11 மணிக்கு போடச் சொன்னேன், "ஒத்த டிக்குதான் விழுந்திருக்கு, பதில் ஒண்ணும் காணோம்" னான். ஒத்த டிக்குன்னதும் சந்தேகம் வந்துச்சு, மெசேஜ் அத்தை போனுக்கே போய்ச் சேரல. காலைல கேட்டேன், "அத்த, ராத்திரி நெட்ட அமத்திருவீங்களா?" "ஆமா மருமகனே, எதுக்கு வீணா ஓடிட்டு இருக்கணும், படுக்கப்போம்போது அமத்திருவேன், ஒருசில நாள் மறந்துருவேன்". மறந்த நாளெல்லாம் பதில் போயிருக்கு, ஞாபகமா அமத்துன நாளெல்லாம் போகல!

நான் என்ன நெனச்சிட்டு இருந்தேன்னா இந்த பதில் எங்கயோ கம்பெனி கம்ப்யூட்டர்லேர்ந்து போகும், நம்ம போன் ஆஃப்ல இருந்தாலும் போகும்னு. அப்படி இல்ல. இந்த ஆப்ல பதில் அனுப்புறது நம்ம போனேதான், அதுக்கு நெட் இருந்தாத்தான் அனுப்பும். அதனால ராத்திரி நெட் ஓடணும், போன்ல சார்ஜ் இருக்கணும். இன்னொண்ணும் இருந்துச்சு, அத்தை போன்ல பேட்டரி மிச்சம் பிடிக்கிற மோடு எப்பவும் ஆன்ல கெடந்தது, அது பின்னாடி ஓடுற ஆப்பயெல்லாம் தூங்க வச்சிருது. அதை அமத்திட்டு, செட்டிங்ஸ்ல வாட்ஸப் பிசினஸுக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாடு இல்லாம வச்சேன். ராத்திரி டிங் டிங்னு சத்தம் வந்து தூக்கம் கெடுதுன்னாங்க, 9.30லேர்ந்து 3.45 வரைக்கும் சத்தம் வராம செட் பண்ணிட்டேன், அலாரம் மட்டும் அடிக்கும். பழைய பேட்டரி விடிய விடிய தாங்கல, அதை மாத்த 900 ரூவா. மொத்தமா ஆன செலவுல பெரிய செலவு அதுதான், இது போக நம்பர் போட்ட ஸ்டிக்கர் ஒண்ணு கடை முன்னாடி ஒட்ட 120. ஆபீஸ் ஆளுங்களுக்கு வாங்கிக்குடுத்த ஜிகர்தண்டாவ கணக்குல சேக்கல.

இப்ப மெசேஜ். செட்டிங்ஸ விட என்ன எழுதுறதுங்கிறதுலதான் எனக்கு அதிகம் மாத்த வேண்டி இருந்துச்சு. மொதல்ல எழுதுனது 14 வரி. நல்வரவு, கடை வரலாறு, மாலை வகை பூராம், முகவரி, கூகுள் மேப் லிங்க், ஜிபே நம்பர். ஒருத்தரும் படிக்கல. படிக்கலன்னு எப்படித் தெரியும்னா, அந்த மெசேஜ் போன அடுத்த நிமிசமே "கடை எங்க இருக்கு" ன்னு கேக்குறாங்க. முகவரி பத்தாவது வரில இருக்கு, போன்ல மிச்சத்தப் படிக்க தொடணும், யார் தொடுவா.

ரெண்டாவதா எழுதுன ராத்திரி மெசேஜ் அதை விட மோசம், அதுல "உங்கள் ஆர்டர் பெறப்பட்டது, நன்றி" ன்னு எழுதிட்டேன். கம்பெனிக்காரங்க எல்லாம் அப்படித்தானே அனுப்புறாங்கன்னு அழகுக்கு எழுதுனது. ஒரு பையன் ராத்திரி 10.30க்கு "ரோஜா மாலை 2, காலைல 7" ன்னு போட்டிருக்கான், இந்த பதில் போயிருக்கு, அவன் ஆர்டர் ஆயிருச்சுன்னு நிம்மதியா தூங்கிட்டான். அத்தை அன்னைக்கு மெசேஜப் பாக்காமலே மார்க்கெட் போயிட்டாங்க. 7 மணிக்கு அவன் வந்து நிக்கிறான், மாலை இல்ல. பெறப்பட்டதுன்னு நீங்கதானே அனுப்புனீங்கன்னு போனக் காட்டுறான். அவன் சொல்றதுல என்ன தப்பு? அத்தை இருந்த சம்பங்கிய வச்சு அவசரமா ஒண்ணு கட்டி, பாதி ரேட்டுக்கு குடுத்தனுப்புனாங்க. அதுக்கப்புறம் ஆர்டர் எடுத்துக்கிட்டோம்ங்கிற அர்த்தம் வர்ற எந்த வார்த்தையும் வேணாம்னு முடிவு பண்ணோம். ஆள் பாத்து சொன்னாத்தான் ஆர்டர்னு வெளிப்படையா எழுதணும்.

இப்ப ஓடுற `Greeting message` இது:

```
வணக்கம், பூக்கடை. மாலை, பூ வேணும்னா இந்த மூணும் அனுப்புங்க:
1. என்னைக்கு, எத்தனை மணிக்கு
2. என்ன பூ, எத்தனை முழம் / எத்தனை மாலை
3. கடைக்கு வருவீங்களா, வீட்டுக்கு வேணுமா
வாய்ஸ்லயும் சொல்லலாம்.
காலை 10 மணிக்கு முன்னாடி அவசரம்னா போன் பண்ணுங்க.
```

மூணு கேள்விதான். நாலாவதா பேரு, அஞ்சாவதா என்ன விசேசம்னு கேட்டு பாத்தோம், கேள்வி கூடக் கூட ஒண்ணுக்கும் பதில் வரல, வெறும் "ok" தான் வந்துச்சு. எண் போட்டு கேட்டதுல ஒரு நல்லது, ஆளுங்களும் 1, 2, 3ன்னு போட்டே பதில் அனுப்புறாங்க, அத்தைக்கு கண்ணாடி போடாமலே புரியுது. வாய்ஸ்லயும் சொல்லலாம்ங்கிறது அத்தை சொல்லிச் சேத்த வரி, வயசானவங்க அதுல தான் அனுப்புறாங்க. "உடனே பதில் சொல்றோம்" னு ஒரு வரி இருந்தத எடுத்துட்டேன், ஏன்னா இந்த மெசேஜுக்கு நேரங்காலம் செட் பண்ண முடியாது, ராத்திரி ரெண்டு மணிக்கும் இதேதான் போகும்.

ராத்திரி போறது:

```
கடை மூடியாச்சு. காலை 4 மணிக்கு பாத்துட்டு பதில் சொல்றோம்.
நாளைக்கே வேணும்னா விவரத்த இப்பவே அனுப்பிருங்க.
நாங்க "சரி"ன்னு சொன்னாத்தான் ஆர்டர்.
பூ ரேட் காலைல மார்க்கெட் போனாத்தான் தெரியும்.
```

புது ஆள் ராத்திரி போட்டா எங்க போன்ல ரெண்டும் அடுத்தடுத்து போகுது. மொதல்ல ரெண்டுலயும் வணக்கம் இருந்துச்சு, ஒரே ஆளுக்கு ரெண்டு வணக்கம் போச்சு, அதனால ராத்திரி மெசேஜ்ல வணக்கத்த எடுத்துட்டேன். இப்ப ரெண்டையும் சேத்து படிச்சா ஒரே மெசேஜ் மாதிரி இருக்கு.

ரேட் மட்டும் எதுலயும் எழுதல. மல்லி ரேட் ராத்திரிக்கும் காலைலக்கும் ஒண்ணா இருக்காது, மார்கழி தைல பனி விழுந்து வரத்து கொறஞ்சா எங்க போய் நிக்கும்னே சொல்ல முடியாது. தானா போற மெசேஜ்ல ஒரு ரேட்ட எழுதிட்டு மாத்த மறந்தா அந்த 1800 ரூவா கதை தெனமும் நடக்கும். அதுக்கு பதிலா காலைல மார்க்கெட்லேர்ந்து வந்ததும் அத்தை ஒரு பேப்பர்ல இன்னைக்கு முழம் இவ்வளவு, மாலை இவ்வளவுன்னு எழுதி, அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போடுறாங்க. ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்துல தானா போயிரும், அழிக்கணும்னு ஞாபகம் வச்சுக்க வேண்டியதில்ல, பூ ரேட்டுக்கு அது தோதா இருக்கு. என்ன, நம்ம நம்பர அவங்களும் அவங்க நம்பர நாமளும் சேவ் பண்ணிருந்தாத்தான் அது தெரியும், அதனால புது ஆளுக்கு உதவாது, வாடிக்கைக்காரங்களுக்கு மட்டும்தான்.

மிச்சத்துக்கு `Quick replies`. அத்தைக்கு டைப் அடிக்க வராது, அதனால மூணே மூணு வச்சுக்குடுத்தேன். `/` அடிச்சா கீழ லிஸ்ட் வரும், தொட்டா பூராம் எழுத்தா வந்துரும். `/sari` ன்னா "சரி, ஆர்டர் எடுத்தாச்சு, பாதி அட்வான்ஸ் அனுப்பிருங்க". `/illa` ன்னா அன்னைக்கு முடியாது, மன்னிச்சுக்கோங்க. `/vazhi` ன்னா முகவரியும் மேப் லிங்க்கும். பத்து வச்சுக் குடுத்திருந்தேன் மொதல்ல, எது எதுன்னு கொழம்பி ஒருத்தருக்கு "இல்ல" ங்கிறதுக்கு பதிலா ஜிபே நம்பர் போயிருச்சு, அவரு பணமும் அனுப்பிட்டாரு, திருப்பி அனுப்புற மாதிரி ஆச்சு. மூணு போதும்.

இப்ப முழுசா ரெண்டு வாரம் ஓடிருக்கு. ராத்திரி 9க்கு மேல 23 பேர் மெசேஜ் போட்டிருக்காங்க, அதுல 14 பேர் விவரத்த முழுசா அனுப்பிருக்காங்க, அந்த 14ல 11 ஆர்டராச்சு. மிச்ச 9 பேர் வெறும் ரேட் கேட்டவங்க, பதில் பாத்துட்டு போயிட்டாங்க. முந்தி எவ்வளவு விட்டோம்னு எண்ணி வைக்கல, ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு வாரமாச்சும் எண்ணிருக்கணும். இன்னொரு தடவ வேற யாருக்காச்சும் செஞ்சா, மொத நாளே போன் ராத்திரி நெட்ல இருக்குமான்னுதான் கேப்பேன், அதுக்கப்புறம்தான் செட்டிங்ஸத் தொறப்பேன். சொந்தக்காரங்க இருக்குற நம்பரா இருந்தா அந்த டிக் அடிக்கிற வேலைய மெசேஜ் ஆன் பண்றதுக்கு முன்னாடியே முடிச்சிருவேன்.

அடுத்த வேலை சித்திரைத் திருவிழா. மீனாட்சி கல்யாணத்துலேர்ந்து அழகர் ஆத்துல எறங்குற வரைக்கும் அத்தை வெளி ஆர்டர் எடுக்க மாட்டாங்க, கடை யாவாரத்துக்கே கை பத்தாது. அந்த நாளுக்கெல்லாம் நான் அன்னைக்கு தப்பா வச்சேனே அந்த `Custom schedule`, அதுதான் சரி, தேதி போட்டு "திருவிழா நாள்ல வெளி ஆர்டர் எடுக்கல, கடைக்கு வந்தா பூ உண்டு" ன்னு எழுதி வைக்கப்போறேன். ஆனா மூணு வழில ஏதாச்சும் ஒண்ணத்தான் எடுக்க முடியும், திருவிழா முடிஞ்சதும் திரும்ப `Outside of business hours` க்கு மாத்தி பழைய மெசேஜ ஒட்டலன்னா அதுக்கப்புறம் ராத்திரி பதிலே போகாது. பழைய மெசேஜ எனக்கு நானே அனுப்பி வச்சிருக்கேன். அத்தை கடைல தொங்குற காலண்டர்ல, அழகர் மலைக்குத் திரும்புற தேதிக்கு நேரா, பென்சில்ல "மருமகன் போன மாத்தணும்" னு எழுதிட்டாங்க.